"என்னடி இப்படிக் கருத்துட்ட?": எந்தப் பதில் எங்கே எடுபடும்

திருமங்கலம் பக்கம் ஒரு மண்டபத்தில், வைகாசி முகூர்த்தத்தில், சித்தி மகனுக்குக் கல்யாணம். வாசலில் சந்தனம் தொட்டு, கற்கண்டை வாயில் போட்டு, உள்ளே பத்து அடி வைத்திருப்பேன். பெரிய அத்தை என் தாடையைப் பிடித்து முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். "என்னடி இப்படிக் கருத்துட்ட? ஆளே அடையாளம் தெரியல. உடம்பும் போட்டிருச்சு." சுற்றி ஆறேழு பேர். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள், அத்தை சொன்னது சரிதானா என்று சோதிப்பதுபோல.

இந்த ஒரே வசனத்துக்கு இத்தனை வருஷத்தில் விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். தம்பி, தங்கைகள் சொன்னதையும் பார்த்திருக்கிறேன். எது நல்ல பதில் என்று பார்க்க நான் மூன்று இடத்தைக் கவனிப்பேன்: அந்த நிமிஷம் எப்படி முடிந்தது, அரை மணி நேரம் கழித்துப் பந்தியில் என்ன பேச்சு ஓடியது, அடுத்த விசேஷத்தில் அதே ஆள் என்ன செய்தார். முதல் இடத்தில் ஜெயிக்கும் பதில் மூன்றாவது இடத்தில் தோற்பதுதான் வழக்கம்.

சிரித்துவிட்டு நகர்வது எல்லோரும் செய்வது. வருஷத்துக்கு ஒருமுறை மொய் எழுதும் மேஜைப் பக்கம் பார்க்கிற தூரத்து உறவுக்கு அது போதும். அவருக்காக மூளையைக் கசக்க வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வரும் அத்தையிடம் மட்டும் இது செல்லாது. நம் சிரிப்பை அவர் சம்மதமாக எடுத்துக்கொள்வார், அடுத்த முறை நாமே தாடையை நீட்டுவோம் என்று எதிர்பார்ப்பார்.

இருப்பதிலேயே மோசமான பதில் விளக்கம் சொல்வது என்பேன். அதுதான் மரியாதையான பதில் என்று நமக்குத் தோன்றும், அங்கேதான் ஏமாறுகிறோம். என் தங்கை ஒருத்தி, "தைராய்டு இருக்கு பெரியம்மா, அதான் உடம்பு போட்டிருச்சு, மாத்திரை சாப்பிடுறேன்" என்று உள்ளதைச் சொன்னாள். பேச்சு அங்கேயே முடியும் என்று நினைத்தாள். தைராய்டுக்குக் கைவைத்தியம், கொள்ளு ரசம், "இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று பழமொழி, எல்லாம் வரிசையாக வந்தன. பந்தியில் உட்கார்ந்தபோது இலைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு மாமா, "அந்தப் பிள்ளைக்கு ரெண்டாவது அப்பளம் வேணாம்ப்பா" என்று பரிமாறுகிறவரிடம் சொன்னார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாரத்தில் மேலூர்ப் பக்கமிருந்து தரகர் போன் செய்து, பிள்ளைக்கு ஏதோ வியாதி என்கிறார்களே என்று அம்மாவிடம் விசாரித்தார்.

விளக்கம் சொன்னால் இரண்டு விஷயம் கைவிட்டுப் போகிறது. என் உடம்பைப் பற்றி உங்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவள் நான் என்று ஒத்துக்கொள்கிறோம். கூடவே, நம் மருத்துவச் சேதியை ஒலிபெருக்கியில் விட்டுவிடுகிறோம். நிறத்துக்கு விளக்கம் சொன்னால் இன்னொரு தொல்லையும் வரும். "வண்டியில வெயில்ல அலையுறேன்" என்றவுடன் கைப்பையிலிருந்து ஒரு கிரீம் வரும். ஸ்டீராய்டு, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்த கிரீம்கள் மங்குக்காகத் தோல் மருத்துவர்கள் கொஞ்ச காலத்துக்கு மட்டும் எழுதிக் கொடுப்பவை. அதை வெள்ளையாக்கும் கிரீம் என்று மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், முகம் சிவந்து எரியும், நிறுத்தினால் இன்னும் மோசமாகும். அத்தை பாசத்தோடுதான் நீட்டுவார். வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம், முகத்தில் போட வேண்டாம்.

அடுத்தது பதிலடி. இதில் என் தம்பி கெட்டிக்காரன். அவன் நல்ல கருப்பு. "மாப்பிள்ளை தோழனா நிக்கிறப்ப கொஞ்சம் பவுடராச்சும் போட்டிருக்கலாம்ல?" என்று ஒரு மாமா கேட்டதும், "மாமா, நம்ம மீனாட்சிக்கே மரகதவல்லின்னுதான் பேரு, பச்சைக் கலரு. ஊரே கும்பிடலையா?" என்றான். கூட்டம் கொல்லென்று சிரித்தது, மாமாவும் சிரித்தார். அந்த நிமிஷத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. ஆனால் மாமா தோற்றது பத்துப் பேர் முன்னால். சாயங்காலம் அப்பாவிடம் போய், "உன் மகனுக்கு வாய் நீளம்" என்றார். அடுத்த விசேஷத்தில் தம்பியைப் பார்த்ததும், "வாப்பா மரகதம்" என்று கூப்பிட்டார். அந்தப் பெயர் இன்னும் நிற்கிறது. நக்கலுக்கு நக்கல் என்று போனால் பேச்சு ஓயாது, போட்டியாகிவிடும். ஆண் பிள்ளைக்குக் கிடைக்கும் சலுகையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: அதே வார்த்தையை நான் சொல்லியிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

கூட்டத்துக்குள் நான் இப்போது கையாள்வது பாதி ஒத்துக்கொண்டு பேச்சை அவர் பக்கம் திருப்புவது. மானுவேல் ஸ்மித் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் இதற்கு மூடுபனி என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்தார். மூடுபனிக்குள் கல்லை எறிந்தால் கல் உள்ளே போய்விடும், பட்டுத் திரும்பி வராது. செய்முறை எளிது போலத் தெரியும், கொஞ்சம் பழக வேண்டும். அன்றைக்கு மண்டபத்தில் நான் செய்தது இது: மூச்சை மெல்ல வெளியே விட்டேன். தாடையிலிருந்த அத்தையின் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். கை இறங்கியதும் முகப் பரிசோதனை தானாக முடிந்துவிடும், பார்க்கிறவர்களுக்கு அது பாசமாகவும் தெரியும். அப்புறம், "ஆமா அத்தை, வெயிலு. முட்டிக்கு ஊசி போட்டீங்களே, இப்ப படி ஏற முடியுதா?" என்றேன். அத்தை முட்டிக் கதையை ஆரம்பித்தார். சுற்றி நின்றவர்கள் கலைந்தார்கள்.

இதில் தவறுவது இரண்டு இடத்தில். உண்மையான பாதியை மட்டும்தான் ஒத்துக்கொள்ள வேண்டும். நிறம் மாறியது உண்மை, "ஆமா". அது குறை என்பது அவர் தீர்ப்பு, அதற்கு நாம் ஆமாம் போடக் கூடாது. "ஆமா அத்தை, அசிங்கமாத்தான் ஆயிட்டேன்" என்று முந்திக்கொண்டால் அவருக்கு முன்னால் நாமே நம்மைக் குத்திக்கொள்கிறோம். இன்னொன்று, "வெயிலு" என்றதும் நிறுத்திவிட வேண்டும். "என்ன பண்றது, வேலை அப்படி" என்று இழுத்தால் விளக்கம் சொல்லும் கதைக்கே திரும்பிவிடுவோம். கேள்வியும் ஒரு வார்த்தையில் முடிகிற கேள்வியாக இருக்கக் கூடாது. "நல்லா இருக்கீங்களா?" என்றால் "ம், இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப நம் மூஞ்சிக்கு வந்துவிடுவார். முட்டி, பேரன், ஊர்க் கொடை என்று அவர் ஐந்து நிமிஷம் பேசக்கூடியதாகக் கேட்க வேண்டும். நம் பக்கத்து அத்தைகளில் பாதிப் பேருக்கு நிறமும் உடம்பும் பேச்சைத் தொடங்குகிற வாசல், அவ்வளவுதான். வேறு வாசலைத் திறந்துவிட்டால் அதன் வழியே போய்விடுவார்கள்.

ஆனால் மூன்றாவது இடத்தில் இதுவும் தோற்கிறது. அடுத்த விசேஷத்திலும் தாடை, ஜன்னல், வெளிச்சம். நிறுத்தவே வேண்டும் என்றால் தனியாக, நேராகச் சொல்வது ஒன்றுதான் வழி. விசேஷத்தன்று சொல்லக் கூடாது. அன்றைக்கு அவருக்கும் முகம் இருக்கிறது, நாலு பேர் இருக்கிறார்கள்.

நான் தைப் பொங்கல் முடிந்து ஒரு மதியம் அத்தை வீட்டுக்குப் போனேன். திண்ணையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்தோம். கைக்கு வேலை இருந்ததால் கண்ணைப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை, பேச்சு சுலபமாக வந்தது. "அத்தை, கல்யாணத்துல நாலு பேர் முன்னாடி கருத்துட்டன்னு சொன்னீங்கள்ல, அன்னைக்கு எனக்குச் சோறே இறங்கல. உங்ககிட்ட வர்றதுக்கே யோசனையா இருக்கு. இனிமே அது வேணாம் அத்தை." என்ன நடந்தது, எனக்கு என்ன ஆனது, என்ன வேண்டும். அவ்வளவுதான். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்று ஆரம்பித்திருந்தால் மொச்சைக் கூடை தெருவில் கிடந்திருக்கும்.

அத்தை உரிப்பதை நிறுத்தினார். "உன் நல்லதுக்குத்தானேடி சொன்னேன்." "நல்லதுக்குத்தான் அத்தை. ஆனா வேணாம்." "எங்க காலத்துல எங்களச் சொல்லாததா?" "சொல்லியிருப்பாங்க அத்தை. எனக்கு வேணாம்." மூன்றாவது தடவையும் அதே வார்த்தைதான். குரலை ஏற்றவில்லை, புதுக் காரணம் எதுவும் சேர்க்கவில்லை. புதுக் காரணம் சொன்னால் அதை வைத்து வாதாடுவார். நாலாவது தடவை அவரே, "சரி, அந்தச் சொளகை எடு" என்றார்.

இதற்கு ஒரு விலை உண்டு. அன்று ராத்திரியே அம்மாவுக்குப் போன் வந்தது: "உன் மக பெரிய மனுஷி ஆயிட்டா." நான் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லாமல் போனது பிசகு. சொல்லியிருந்தால் அம்மா தடுமாறியிருக்க மாட்டார். அதற்குப் பிறகு அவருக்கும் அத்தைக்கும் நடுவில் பத்து நாள் பேச்சில்லாமல் போனது.

பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் மட்டும் இந்தப் பொறுமைக் கணக்கு எதுவும் பொருந்தாது. அக்கா மகளுக்குப் பதினொரு வயது. "அம்மா கலரு வரல, உடம்பு மட்டும் வந்திருச்சு" என்று ஒருவர் சொன்னபோது, தனியாகப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று அக்கா காத்திருக்கவில்லை. "சித்தி, பிள்ளை முன்னாடி வேணாம்" என்று எல்லோர் காதிலும் விழும்படி, ஆனால் சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு, மகளைப் பூ வாங்கக் கூட்டிப் போனார். சித்தி முகம் சுருங்கியது. சுருங்கட்டும். மினசோட்டாவில் 1998இல் தொடங்கி பள்ளிப் பிள்ளைகளைப் பதினைந்து வருஷம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், எடையைச் சொல்லி வீட்டாரே கேலி செய்த பெண் பிள்ளைகளிடம் பெரியவர்களான பிறகும் கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிடுவதும் தன் உடம்பின் மேல் வெறுப்பும் கூடுதலாகத் தெரிந்தன. பெரியவர்கள் நமக்கு மூடுபனி போதும். பிள்ளைக்கு, தனக்காக ஒருவர் வாயைத் திறந்தார் என்பது காதில் விழ வேண்டும்.

மாசியில் அழகர்கோவிலில் ஒரு காதுகுத்து. மொட்டை போட்ட குழந்தை அலற, தாய்மாமன் சீர்த்தட்டோடு நிற்க, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அத்தை என்னிடம் வந்தார். கை பழக்கத்தில் மேலே வந்தது. "என்னடி இப்படி..." என்று தொடங்கி, நின்று, "சாப்பிட்டியா?" என்று முடித்தார். கை என் தோளில் இறங்கியது. எனக்குச் சிரிப்பு வந்தது. இலை போட்டதும் வருகிறேன் என்றேன்.

அத்தை தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். புதுசாக வந்த என் தம்பி மனைவி பக்கத்தில் நின்றாள். அவளுடைய தாடையைப் பிடித்து, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.