ஒற்றைக்கால் பதிவு: அனாமத்துக் கணக்கைத் தீர்க்க மூன்று வழிகள்

நான் கணக்கு பார்க்கும் மின்சாமான் கடை ஒன்றில், அக்டோபர் 31 இருப்பாய்வில் பற்றுப் பக்கம் 9,210 ரூபாய் கூடுதலாக வந்தது. ஏப்ரலுக்குப் பிறகு எடுத்த முதல் இருப்பாய்வு அது. தேடிப் பார்க்க நேரமில்லாததால், வரவுப் பக்கம் அனாமத்துக் கணக்கு என்று ஒரு வரி போட்டுச் சமன் செய்துவிட்டு நகர்ந்தோம். கடைகளில் இதை யாரும் அனாமத்து என்று சொல்வதில்லை, சஸ்பென்ஸ்தான். நவம்பர் 18 அன்று உட்கார்ந்து தேடியபோது, வித்தியாசத்தின் பெரும்பகுதி ஒரே பதிவில் இருந்தது தெரிந்தது.

அங்கே குறிப்பேடு எக்செல் கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் B பத்தியில் வவுச்சர் எண், D-யில் பற்று, E-யில் வரவு. ஓரத்தில் ஒரு புதிய பத்தி சேர்த்து இந்தச் சூத்திரத்தைக் கடைசி வரை இழுத்துவிட்டேன்:

```
=SUMIF(B:B,B2,D:D)-SUMIF(B:B,B2,E:E)
```

சரியான பதிவு என்றால் பூஜ்யம் வரும். 212-ஆம் வவுச்சரில் மட்டும் 8,850 வந்தது. அக்டோபர் 14 தேதியிட்ட அந்தப் பதிவு இப்படி நின்றது:

விற்பனைத் திருப்பம் க/கு, பற்று 7,500
மத்திய ஜிஎஸ்டி க/கு, பற்று 675
மாநில ஜிஎஸ்டி க/கு, பற்று 675

வரவு வரியே இல்லை. அது எங்கே போனது என்பதும் பென்டிரைவில் கிடந்த பழைய பிரதியைப் பார்த்ததும் புரிந்தது. வரவு வரியில் மட்டும் தேதி அடிக்காமல் விட்டிருந்தார்கள். தேதி வாரியாக வரிசைப்படுத்தும்போது எக்செல் காலிக் கட்டங்களை எப்போதும் கடைசியில் தள்ளிவிடும். அடியில் அநாதையாகக் கிடந்த வரியை யாரோ குப்பை என்று நினைத்து நீக்கிவிட்டார்கள்.

திருத்தும் வழியைப் பற்றிப் பேசும் முன் ஒரு வேலை பாக்கி இருந்தது. மிச்சம் இருக்கும் பாதியாவது சரியா என்று பார்க்க வேண்டும். கிரெடிட் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு வாடிக்கையாளர் ஒயர் சுருள் ஐந்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். சுருள் 1,500 வீதம் 7,500, அதன் மேல் 18 சதவீத வரி 1,350, ஆக மொத்தம் 8,850. மூன்று பற்று வரிகளும் சரி. காணாமல் போன வரவு வாடிக்கையாளருடையதா, ரொக்கமா என்பதையும் ஊகிக்கக் கூடாது. பணமாகத் திருப்பிக் கொடுத்திருந்தால் ரொக்கக் கணக்கில்தான் வரவு வர வேண்டும். அன்றைய கல்லாக் கணக்கு பைசா பிசகாமல் நின்றது, கிரெடிட் நோட்டிலும் 'பாக்கியில் கழிக்க' என்று எழுதியிருந்தது. ஆகவே வாடிக்கையாளர் கணக்குதான்.

இப்போது மூன்று பேருக்கு மூன்று யோசனை. கடைக்காரர் சொன்னார், "அந்த இடத்துலயே ஒரு வரியைச் சேர்த்துடுங்க, முடிஞ்சுது." கணக்குப் பையன் சொன்னான், "சார், அதைத் திருப்பிப் போட்டுட்டு முழுசா புதுசா எழுதிடலாம்." எனக்கு இரண்டிலும் மனம் ஒப்பவில்லை.

கடைக்காரர் சொன்ன வழி பார்க்க எளிது. அக்டோபர் 14-இல் விடுபட்ட வரியை நுழைத்தால், வாடிக்கையாளர் பேரேட்டில் திருப்பம் நடந்த தேதியிலேயே வரவு விழும். அவருக்கு அனுப்பும் கணக்கு அறிக்கை சுத்தமாக இருக்கும். பலர் சறுக்குவது அதற்கு அடுத்த படியில். வரியைச் சேர்த்துவிட்டு சஸ்பென்ஸை அப்படியே விட்டால், இப்போது வரவுப் பக்கம் 8,850 கூடுதலாகிவிடும். காரணம், சஸ்பென்ஸே ஒற்றைக்காலில் போட்ட வரிதானே. பதிவை முழுமையாக்கினால் சஸ்பென்ஸ் வரியையும் 9,210-லிருந்து 360 ஆகக் குறைக்க வேண்டும். அதாவது ஒரு தவறைத் திருத்த இரண்டு பழைய வரிகளைத் தொட வேண்டும். இரண்டுக்கும் தடயம் இருக்காது.

அந்தத் தடயம்தான் பிரச்சினை. மத்திய ஜிஎஸ்டி விதிகள் 2017-இன் 56(8), ஏடுகளில் எழுதியதை அழிக்கவோ அதன் மேல் எழுதவோ கூடாது என்கிறது. வெறும் எழுத்தர் பிழை அல்லாத தவறு என்றால், கோடு போட்டு அடித்து, சான்றொப்பம் இட்டு, அப்புறம் சரியானதை எழுத வேண்டும். கணினியில் ஏடு வைத்திருப்பவர்கள், திருத்திய, நீக்கிய ஒவ்வொரு பதிவுக்கும் தடம் வைத்திருக்க வேண்டும். கம்பெனி என்றால் இன்னும் இறுக்கம். 2023 ஏப்ரல் 1 முதல், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும், அதை நிறுத்தி வைக்க முடியாத மென்பொருளில்தான் கணக்கு எழுத வேண்டும். நம் எக்செல் கோப்பு அப்படி எதையும் தானாகப் பதிந்து வைக்கவில்லை. வைத்திருந்தால் அந்த வரியை நீக்கியது யார் என்றே பார்த்திருக்கலாம்.

ஆனால் இந்த வழி எல்லா இடத்திலும் தப்பு என்று சொல்ல மாட்டேன். மாதம் முடியவில்லை, இருப்பாய்வு எடுக்கவில்லை, சஸ்பென்ஸே திறக்கவில்லை என்றால், காரணத்தைக் குறித்துவிட்டு விடுபட்ட பக்கத்தை எழுதி முடிப்பதுதான் முறை. அப்போது சஸ்பென்ஸில் எதிர்ப்பதிவு என்று ஒன்றே தேவையில்லை. குனூகேஷ் மாதிரியான மென்பொருளிலும் இது இயல்பாகப் பொருந்தும். அங்கே ஒற்றைக்கால் பதிவைச் சேமித்தால், மிச்சத்தை அது தானாகவே `Imbalance-INR` என்ற கணக்கில் தள்ளும். சஸ்பென்ஸ் அந்தப் பதிவுக்குள்ளேயே ஒரு காலாக நிற்கிறது. அந்தக் காலில் கணக்கின் பெயரை மாற்றினால் பதிவும் நிறையும், சஸ்பென்ஸும் குறையும். எக்செல்லில் அந்த வசதி இல்லை. அங்கே இரண்டும் தனித்தனி வரிகள், தனித்தனி தேதிகள்.

கணக்குப் பையன் சொன்ன வழியில் முதலில் பழைய பாதியைத் திருப்ப வேண்டும்:

அனாமத்துக் க/கு, பற்று 8,850
விற்பனைத் திருப்பம் க/கு, வரவு 7,500
மத்திய ஜிஎஸ்டி க/கு, வரவு 675
மாநில ஜிஎஸ்டி க/கு, வரவு 675

சஸ்பென்ஸ் இந்த இடத்திலேயே 8,850 குறைந்துவிடுகிறது. அடுத்து எழுதும் புதிய பதிவு தன்னளவில் முழுமையானது, மூன்று பற்றும் வாடிக்கையாளர் வரவும். அதில் சஸ்பென்ஸுக்கு வேலையே இல்லை. பையன் அதை எழுதிக் காட்டியபோது இரண்டாவதிலும் சஸ்பென்ஸை நுழைத்திருந்தான். இந்த வழியில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான்.

கணக்கு கடைசியில் சரியாகத்தான் வரும். ஆனால் விலை என்ன? அக்டோபர் ஜிஎஸ்டிஆர்-1 நவம்பர் 11-க்குள் போய்விட்டது, இந்த கிரெடிட் நோட்டும் அதில் இருக்கிறது. இப்போது நவம்பர் வரிக் கணக்கில் 675 வரவும் 675 பற்றும் புதிதாக வந்து நிற்கும். நிகரம் பூஜ்யம்தான். ஆனால் பேரேட்டைப் பார்த்து ரிட்டர்ன் தயாரிப்பவர் பற்றை மட்டும் கண்டால், ஒரே கிரெடிட் நோட்டை இரண்டு மாதத்திலும் காட்டிவிடுவார். தொடத் தேவையில்லாத மூன்று கணக்குகளைத் தொட்டதற்கு இதுதான் பலன்.

இந்த வழி எப்போது சரி என்றால், மிச்சம் இருக்கும் பாதியும் தவறாக இருக்கும்போது. திரும்பி வந்தது நான்கு சுருள் என்று கிரெடிட் நோட்டில் இருந்திருந்தால், விடுபட்ட வரியாக 8,850-ஐச் சேர்ப்பது தவறான பதிவைச் சமன் செய்து மறைப்பதாகிவிடும். இருப்பாய்வு ஒத்துப்போகும், அப்புறம் யாருக்கும் சந்தேகமே வராது. அந்த நிலையில் முழுதாகத் திருப்பி, முழுதாக எழுதுவதே மேல்.

நான் எழுதியது நவம்பர் 18 தேதியிட்ட ஒரே ஒரு திருத்தப் பதிவு:

அனாமத்துக் க/கு, பற்று 8,850
வாடிக்கையாளர் க/கு, வரவு 8,850
விவரம்: அக்டோபர் 14, வவுச்சர் 212-இல் விடுபட்ட வரவு இப்போது எழுதப்படுகிறது, கிரெடிட் நோட் இணைப்பில்.

எந்தப் பக்கம் எழுதுவது என்று குழப்பம் வந்தால் விதியைத் தேட வேண்டாம், சஸ்பென்ஸின் இருப்பைப் பார்த்தாலே போதும். விடுபட்டது வரவு, அதை வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறோம், மீதி இருக்கும் பற்று சஸ்பென்ஸுக்கு. இருப்பு 9,210-லிருந்து 360 ஆனது. தலைகீழாக எழுதியிருந்தால் 18,060 ஆகியிருக்கும். சஸ்பென்ஸ் ஏறினால் பக்கம் மாறிவிட்டது என்று அர்த்தம். விற்பனைத் திருப்பமும் வரியும் ஏற்கெனவே ஏடேறிவிட்டதால் லாபம் மாறாது, ரிட்டர்னும் மாறாது. கூடிக் கிடந்தது வாடிக்கையாளர் பாக்கி மட்டும்.

இதிலும் குறை உண்டு. அந்த வாடிக்கையாளர் பேரேட்டில் அக்டோபர் 31 அன்று பாக்கி 31,350 என்றே நிற்கும். 18-ஆம் தேதிதான் 22,500-க்கு இறங்கும். அவருக்கு அக்டோபர் அறிக்கை ஏற்கெனவே போயிருந்தது. "அண்ணே, ஒயர் திருப்பிக் கொடுத்தேனே, அதைக் கழிக்கலையே?" என்று போனில் கேட்டார். மன்னிப்புக் கேட்டு, திருத்தப் பதிவின் விவரத்தோடு புதிய அறிக்கை அனுப்பினோம். விவரத்தில் பழைய தேதியும் வவுச்சர் எண்ணும் இல்லாவிட்டால் இந்தப் பதிவு பாதி வேலைதான். ஆடிட்டர் அடுத்த ஜூனில் இதைப் பார்த்துக் கேட்கும்போது நமக்கே ஞாபகம் இருக்காது.

ஆண்டு தாண்டியிருந்தாலும் இந்தப் பதிவு இப்படியேதான் இருக்கும், விடுபட்டது கடனாளி கணக்கு என்பதால். விடுபட்டது போன ஆண்டின் செலவோ வருமானமோ என்றால் கதை வேறு. அதை இந்த ஆண்டுச் செலவில் நேராகக் கலந்துவிடக் கூடாது. பாடப் புத்தகம் இலாப நட்டச் சரிக்கட்டுக் கணக்கு வழியாகக் கொண்டுபோகச் சொல்லும்.

மிச்சம் 360. "இவ்வளவுதானே, நட்டத்துல தள்ளிடுங்க" என்றார் கடைக்காரர். 360 என்பது ஒரு பெரிய பற்றுப் பிழையும் அதைவிடச் சற்றே சிறிய வரவுப் பிழையும் கழிந்து நிற்கும் தொகையாகவும் இருக்கலாம் என்பதால் நான் தள்ளவில்லை. அது 9-ஆல் மீதமில்லாமல் வகுபடுகிறது, இலக்கம் இடம் மாறியதற்கு வழக்கமான அறிகுறி. சூத்திரம் எந்த வவுச்சரிலும் வேறு வித்தியாசம் காட்டவில்லை. அப்படியானால் தவறு குறிப்பேட்டுக்கு வெளியே, ஏப்ரல் 1 ஆரம்ப இருப்புகளில் இருக்க வேண்டும். போன ஆண்டு இருப்புநிலைக் குறிப்பை வரி வரியாக ஒத்துப் பார்த்ததில், மின்வாரிய வைப்புத்தொகை 5,480 என்பது 5,840 என்று ஏறியிருந்தது. அனாமத்து பற்று 360, வைப்புத்தொகை வரவு 360. சஸ்பென்ஸ் பேரேட்டின் இரண்டு பக்கமும் 9,210 என்று கூட்டி இரட்டைக் கோடு போட்டேன்.