யூனிட் இல்லாமல் வரும் ரிப்போர்ட் விளக்கத்தை நம்பிவிடாதீர்கள்

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பினால், எது நார்மல், எது இல்லை என்று எழுதித் தரும் கட்டணச் சேவை ஒன்றிடம் அம்மாவின் ரிப்போர்ட்டைக் கொடுத்தோம். பணம் போனதைவிட அவர்கள் எழுதித் தந்ததுதான் கோபத்தைக் கிளப்பியது.

"கால்சியம் 2.2. மிக ஆபத்தான குறைவு, உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்" என்று சிவப்பில் ஒரு வரி. அதற்குக் கீழே "வைட்டமின் டி 48, நார்மல்" என்று பச்சையில் இன்னொரு வரி. இரண்டுமே தப்பு.

லேப் அச்சிட்ட அட்டவணையில் கால்சியம் 2.20 mmol/L, அதன் வரம்பு 2.10 - 2.60. பக்கத்தில் எந்தக் குறியும் இல்லை. வைட்டமின் டி 48 nmol/L, வரம்பு 75 - 250, பக்கத்தில் தெளிவாக L. இவர்கள் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, யூனிட்டையும் வரம்பையும் விட்டுவிட்டு, தங்களிடம் தயாராக இருந்த வேறு வரம்புகளோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். கால்சியத்துக்கு 8.5 - 10.5, வைட்டமின் டிக்கு 30 - 100. அவை mg/dL, ng/mL கணக்கில் போட்ட வரம்புகள்.

கணக்கு இவ்வளவுதான். கால்சியத்தை mmol/L-இலிருந்து mg/dL ஆக்க, ஏறத்தாழ 4 ஆல் பெருக்க வேண்டும். 2.2 என்பது 8.8, நார்மல். வைட்டமின் டியை nmol/L-இலிருந்து ng/mL ஆக்க 2.5 ஆல் வகுக்க வேண்டும். 48 என்பது 19.2, குறைவு. ஒவ்வொரு பொருளின் மூலக்கூறு எடையும் வேறு என்பதால் ஒரு பரிசோதனைக்கான எண்ணை இன்னொன்றுக்குப் போட முடியாது. அதனால்தான் மாற்றிப் பார்ப்பதைவிட, அதே வரியில் லேப் அச்சிட்ட வரம்போடு ஒப்பிடுவதே பாதுகாப்பு.

கொஞ்சம் யோசித்திருந்தாலே சந்தேகம் வந்திருக்க வேண்டும். கால்சியம் உண்மையிலேயே 2.2 mg/dL ஆக இருந்தால் கைகால் இழுத்துக்கொள்ளும், வலிப்பே வரலாம். அம்மா சாதாரணமாக நடமாடிக்கொண்டிருந்தார். அப்படியொரு மதிப்பு வந்தால் பொதுவாக லேபே போன் செய்து சொல்லிவிடும்.

கேட்டதற்கு, "போட்டோ சரியில்லை" என்றார்கள். போட்டோவில் யூனிட் நன்றாகவே தெரிகிறது. சரி, தெரியவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் வேறு போட்டோ கேட்டிருக்க வேண்டும். போட்டோவில் முதலில் வெட்டுப்படுவது வலது ஓரம். பல ரிப்போர்ட்டுகளில் H, L குறி, யூனிட், வரம்பு எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கும். சில லேப்கள் தடித்த எழுத்தையோ நட்சத்திரத்தையோதான் குறியாகப் போடுகின்றன. மங்கலான படத்தில் அது காணாமல் போய்விடும். ஆகவே படத்தில் குறி தெரியவில்லை என்பதற்காக நார்மல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அசல் தாளைப் பார்த்த டாக்டர் கால்சியத்தில் பிரச்சினை இல்லை என்று சொல்லி, வைட்டமின் டிக்கு மட்டும் மருந்து எழுதினார். அந்தச் சேவை அப்புறம் "திருத்திய விளக்கம்" ஒன்றை அனுப்பியது. அதிலும் யூனிட் இல்லை.