மீனும் இறைச்சியும் ஃப்ரீசரில் காயாதிருக்க எந்த உறை?

ஃப்ரீசரிலிருந்து எடுத்த இறைச்சியின் ஓரங்களில் வெண்சாம்பல் நிறத்தில் உலர்ந்து சொரசொரத்த திட்டுகள் தெரிந்தால், அதுவே ஃப்ரீசர் பர்ன். மேற்பரப்பிலுள்ள பனி உருகாமலே ஆவியாகி, உறைக்கும் உணவுக்கும் நடுவிலுள்ள காற்றிடைவெளிக்குள் சென்றுவிடுகிறது. அந்த ஆவிதான் பிறகு உறையின் உட்புறத்தில் பனித்துகளாகப் படிகிறது. இதனால் உணவு நஞ்சாவதில்லை. உலர்ந்த பகுதியை வெட்டி நீக்கிவிட்டு மீதியைச் சமைக்கலாம். ஆனால் பனி நீங்கிய நுண்துளைகள் வழியே காற்று புகுந்து கொழுப்பைச் சிக்கெடுத்து வாடையடிக்க வைப்பதால், சுவை திரும்புவதில்லை. ஆகவே உறைகளை ஒப்பிடும்போது, எது உணவோடு இடைவெளியின்றி ஒட்டுகிறது என்பதே முதல் கேள்வி.

கடையிலிருந்து வரும் தட்டின் மேலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் படலம் காற்றை விடும்; ஓரிரு வாரங்களுக்கு மேல் அதை நம்பலாகாது. எலும்பில்லாத தட்டையான துண்டுக்கு, கிளிங் ஃபிலிமை இறுக்கிச் சுற்றி, அதன்மேல் தடித்த அலுமினியத் தாளைப் போர்த்துவது மலிவான நல்ல வழி. ஒழுங்கற்ற வடிவத்துக்கு ஜிப் பை மேலானது. துண்டைப் பையிலிட்டு, வாய்ப்பகுதி மட்டும் வெளியே இருக்குமாறு பையை நீரில் மெல்ல இறக்கினால், நீரின் அழுத்தம் காற்றை வெளியேற்றும். அந்நிலையிலேயே மூட வேண்டும்.

காற்றை நீக்குவதில் வேக்யூம் பைக்கு நிகரில்லை. ஆயினும் கோழியின் எலும்பு முனை அதைக் குத்திவிடக்கூடும். ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் பை தளர்ந்துவிடும். கோழித்துண்டுகளுக்கு நான் ஜிப் பையையே தேர்ந்தெடுப்பேன்.

மீனுக்கு இன்னொரு வழி உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. ஒரு கிலோ கானாங்கெளுத்தி இருக்கிறதென்று கொள்வோம். சுத்தம் செய்த மீன்களைத் தட்டில் பரப்பி, உறையின்றியே கட்டியாக உறைய வைக்க வேண்டும். பின் பனிக்கட்டி மிதக்கும் நீரில் ஒவ்வொன்றையும் முக்கியெடுத்து, சில நிமிடங்கள் மீண்டும் உறைய விட வேண்டும். சீரான பனிப்பூச்சு படியும்வரை இதைத் திரும்பச் செய்து, அதன் பிறகே பையிலிட வேண்டும். இனி ஆவியாவது பூச்சின் பனி, மீனின் ஈரமன்று.

அப்படிச் செய்தாலும் கானாங்கெளுத்தி, சால்மன் போன்ற கொழுப்பு மீன்கள் –18 டிகிரி செல்சியசில் 2 முதல் 3 மாதம்வரைதான் சுவை மாறாதிருக்கும். உலர்வது தடைபட்டாலும், கொழுப்பு சிக்கெடுப்பது மெல்லத் தொடரும். கொழுப்பு குறைந்த மீன் 6 முதல் 8 மாதம் தாங்கும். கோழித்துண்டு 9 மாதம், முழுக்கோழி ஓராண்டு, கொத்திய இறைச்சி 3 முதல் 4 மாதம் என்பவை பொதுவான அளவுகள். வெப்பநிலை நிலையாக இருந்தால் இந்த நாட்களுக்குப் பின்னும் உணவு பாதுகாப்பானதே, தரம்தான் குறையும்.

வேக்யூம் பையிலுள்ள மீனை மட்டும், குளிர்பதனப் பெட்டியில் உருகவிடுமுன் பையைத் திறந்துவிட வேண்டும். காற்றில்லாத சூழலில் பாட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளர இடமுண்டு.