பாட்டா, படமா, பொருளா: மறதி நோயில் எது கைகொடுக்கிறது?

அம்மாவுக்கு டிமென்ஷியா என்று தெரிந்தபின், பழைய நினைவுகளைத் தூண்டும் பயிற்சிக்கு வீட்டில் மூன்றையும் வைத்துப் பார்த்தோம். பொருள்கள் பக்கம்தான் என் ஓட்டு. நேற்று நடந்தது முதலில் அழிந்து, இளவயதில் நடந்தது கடைசிவரை நிற்பதால், எதை எடுத்தாலும் அவருடைய பத்து முதல் முப்பது வயதுக் காலத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

பாட்டு சுலபம். கைபேசி போதும். சிலோன் வானொலியில் கேட்ட பாட்டு வந்தால் அம்மா வரி தவறாமல் கூடவே பாடுவார். காது மந்தமானவர்களுக்கு மட்டும் மின்விசிறியையும் டிவியையும் நிறுத்திவிட்டுப் போட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் இரைச்சல்தான்.

படத்தில் ஒரு சிக்கல். ஆல்பத்தைத் திறந்தாலே வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் "இது யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அது பரீட்சை. பதில் வராவிட்டால் அம்மா முந்தானை நுனியைத் திருகத் தொடங்குவார், அதோடு நிறுத்திவிட வேண்டியதுதான். அப்பாவின் படத்தைப் பார்த்து "எங்கே போயிருக்கார்?" என்று கேட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் மரணச் செய்தியைப் புதிதாகச் சொல்ல முடியுமா? ஒரே முகம் உள்ள பெரிய படமாக எடுத்து, "இந்தப் புடவை எவ்வளவு அழகு" என்று நாமே பேச்சைத் தொடங்கினால் ஓரளவு சரியாகிறது.

பொருள் கேள்வியே கேட்பதில்லை. எனக்கு முடிவைத் தந்தது இதுதான். கை பழகிய வேலை, பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் விட அதிக நாள் தங்குகிறது, ஏனென்றால் மூளையில் அதற்கு வேறு வழி. மயிலாப்பூரில் உதிரி மல்லியும் வாழை நாரும் வாங்கி வருவேன். நாரை நனைத்து, முதல் கண்ணியை நான் கட்டி அம்மா கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். கொஞ்ச நேரம் பார்ப்பார். அப்புறம் விரல்கள் தானாக இரண்டு மொக்கை இந்தப் பக்கமும் இரண்டை அந்தப் பக்கமும் வைத்து, நாரைச் சுற்றி இழுத்துவிடும். நாலைந்து கண்ணி ஆனதும் பேச்சும் வரும்: எந்தக் கோயிலுக்குக் கட்டியது, முழம் என்ன விலை விற்றது என்று. சரியா தப்பா என்று நான் திருத்துவதில்லை. பூ கட்டத் தெரியாதவர்களுக்குப் பல்லாங்குழியோ சுளகோ, அவரவர் கை அறிந்த எதுவும் ஆகும்.

காலை பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. சாயங்காலம் ஆனால் பலருக்குப் பதற்றம் கூடும். இருபது நிமிடம் போதும். ஊசி, கற்பூரம், சோழி போல விழுங்கக்கூடியவற்றைப் பக்கத்தில் ஆளில்லாமல் விடக் கூடாது.

இதனால் நோய் பின்வாங்கும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பு, இந்தப் பயிற்சி பற்றிய 22 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, பலன் சிறியது, இடத்துக்கு இடம் மாறுகிறது என்றுதான் சொல்கிறது. அம்மா இன்னும் நடுக்கட்டத்தில் இருக்கிறார். விரலும் மறந்துபோகும் கட்டத்தை நான் பார்த்ததில்லை. அப்போது பாட்டுக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும் என்று நினைக்கிறேன்.