கேரசல் தமிழில்: வரிக்கு வரியா, கருத்துக்குக் கருத்தா?

யூபிஐ மோசடியைப் பற்றி, விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும் இன்ஸ்டாகிராம் கேரசல் ஒன்று, ஆறு ஸ்லைடு, ஆங்கிலத்தில் தயாராக இருந்தது. அதைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. முதலில் வரிக்கு வரி பெயர்த்தேன். படித்துப் பார்த்தபோது பிடிக்காமல், ஆங்கிலத்தை மூடி வைத்துவிட்டுச் செய்தியை மட்டும் நினைவில் வைத்து இரண்டாவதாக எழுதினேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோது கண்ணில் பட்டவை இவை.

இரண்டாவது ஸ்லைடில் ஒரு கதை. வரிக்கு வரி பெயர்த்தது இப்படி: "உங்கள் பழைய சோஃபாவை வாங்க ஆர்வமாக இருப்பதாகக் கூறும் ஒருவரிடமிருந்து, முன்பணத்தைப் பெறுவதற்கானது என்று சொல்லப்படும் ஒரு க்யூஆர் குறியீட்டை நீங்கள் பெறுகிறீர்கள்." இலக்கணப் பிழை இல்லை. ஆனால் யார், என்ன செய்தார் என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. விரல் அதற்குள் அடுத்த ஸ்லைடைத் தள்ளியிருக்கும். ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் முன்னால் வந்து, விவரம் பின்னால் தொங்கும். தமிழில் அத்தனை விவரமும் முன்னால் ஏறிக்கொள்கிறது.

மறுபடி எழுதியது: "பழைய சோஃபாவை விற்க விளம்பரம் போட்டிருக்கீங்க. ஒருத்தர் கூப்பிடுறார். பேரமே பேசலை. 'அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க'ங்கிறார்." பேரம் பேசாதது ஆங்கில மூலத்தில் இல்லை, நான் சேர்த்தது. பழைய பொருள் விற்றவர்களுக்கு அந்த இடத்திலேயே பொறி தட்டும்.

உண்மையான சிக்கல் மூன்றிலும் நான்கிலும். அங்கே ஆங்கிலம் ஒரே வாக்கியத்தை இரண்டு ஸ்லைடுகளாக உடைத்திருந்தது. யூபிஐ பின் எண் ஒருபோதும் தேவைப்படாது என்பது முதல் பாதி. எதற்குத் தேவைப்படாது என்பது ஸ்வைப் செய்த பிறகு. வரிக்கு வரிப் பிரதியில் நான்காவது ஸ்லைடில் "பணத்தைப் பெறுவதற்கு" என்று ஒரு துண்டு மட்டும் அநாதையாக நின்றது. தமிழில் வினை வந்ததும் வாக்கியம் முடிந்துவிடும், அதற்குப் பிறகு வருவது ஒட்டுப் போட்டதுபோலத்தான் இருக்கும். துண்டுகளை இடம் மாற்றிப் போடலாம் என்றால், "பணத்தைப் பெறுவதற்கு" என்பதை மட்டும் பார்த்துவிட்டு யாரும் ஸ்வைப் செய்யப்போவதில்லை.

அதனால் வாக்கியத்தை உடைப்பதை விட்டுவிட்டு, மூன்றாவதில் கேள்வியும் நான்காவதில் பதிலும் வைத்தேன். "நமக்குப் பணம் வர, நாம ஏன் பின் போடணும்?" அடுத்தது: "ஸ்கேன் பண்ணி பின் போட்டா பணம் வராது, போகும்." அடுத்த ஸ்லைடுக்கு இழுக்கும் வேலையை இப்போது கேள்வி செய்கிறது.

இன்னொன்று, ஆங்கில வடிவமைப்பில் "ஒருபோதும்" என்பதற்கான சொல் தனியாகச் சிவப்பில் இருந்தது. தமிழில் எதிர்மறை வினையின் வாலில் உட்கார்ந்திருக்கிறது. "ஒருபோதும்" என்பதைச் சிவப்பாக்கினால் மறுப்பு இல்லாத சொல்தான் மின்னும். என் பிரதியில் "வராது", "போகும்" இரண்டுக்கும் நிறம் கொடுக்கச் சொன்னேன்.

வரிக்கு வரிப் பிரதி இடத்தையும் தின்றது. 1080க்கு 1350 பிக்சல் சட்டத்தில் அந்த நீளச் சொற்கள் வரிக்கு இரண்டாகத்தான் நின்றன. எழுத்தைச் சிறிதாக்கினால் போனில் இகர ஈகாரக் கொக்கிகள் மேல்வரியோடு உரசுகின்றன.

மறுபடி எழுதுவதிலும் வில்லங்கம் உண்டு. என் முதல் வரைவில் "பின் எண் பணம் அனுப்ப மட்டும்தான்" என்று எழுதியிருந்தேன். கேட்க நன்றாக இருந்தது, ஆனால் தப்பு. இருப்புப் பார்க்கவும் பின் கேட்கும். வரியை விட்டு விலகும்போது இப்படித் தகவலும் நழுவும். அதனால் எழுதி முடித்ததும் மூலத்தோடு ஒவ்வொரு கூற்றாக ஒப்பிட வேண்டியிருக்கிறது. நேரம் இரட்டிப்பாகிறது, கூலி ஆவதில்லை.

கடைசி ஸ்லைடில் வரிக்கு வரியே ஜெயித்தது. பணம் போனால் உடனே 1930, அல்லது cybercrime.gov.in. இதில் அழகு சேர்க்க ஒன்றுமில்லை, எண்ணையும் முகவரியையும் அப்படியே விட்டேன். அதன்கீழ் இருந்த "இதைக் கேட்க வேண்டிய ஒருவருடன் பகிருங்கள்" மட்டும் "வீட்டு வாட்ஸப் குரூப்ல போட்டுடுங்க" ஆனது.

வாடிக்கையாளர் தரப்பில் தமிழ் தெரியாத ஒருவர், "சோஃபா வரியில் ஏதோ கூடுதலாக இருக்கிறதே?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றிலிருந்து எதைச் சேர்த்தேன், எதை விட்டேன், ஏன் என்று ஸ்லைடுக்கு ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதித் தமிழோடு சேர்த்தே அனுப்புகிறேன்.