‘வாணி’யா ‘அலைவாசல்’ஆ: சப்ஜெக்டுக்கு மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஒரு சிறு விடுதிக்கு நான் மடல் அனுப்பிக் கொடுக்கிறேன். பெயர்களை மாற்றி, விடுதியை ‘அலைவாசல்’ என்றும் அதை நடத்துகிற அக்காவை ‘வாணி’ என்றும் இங்கே வைத்துக்கொள்கிறேன். வந்து தங்கி, முகவரியைத் தாங்களாகவே எழுதிக் கொடுத்துப் போன முந்நூறு சொச்சம் பேருக்கு மே மாத மடல் போக வேண்டும். சப்ஜெக்ட் வரி முடிவாகிவிட்டது: ‘மே மாதத்துக்கு நான்கு அறை இருக்கிறது’. நல்ல வரிதான், அதில் கை வைக்கத் தேவையில்லை. ஆனால் போனில் அந்த வரி தனியாக வராது. ஆண்ட்ராய்ட் ஜிமெயிலில் முதலில் அனுப்புகிறவர் பெயர், அதற்குக் கீழே சப்ஜெக்ட், அதற்கும் கீழே மடலிலிருந்து ஒரு துண்டு. இந்த மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டுத்தான் ஆள் திறப்பதா, தள்ளுவதா என்று முடிவெடுக்கிறார். ஆகவே சப்ஜெக்டை அப்படியே வைத்துக்கொண்டு மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் எதைப் போடலாம் என்று பார்ப்போம்.

முதலில் பெயர். ஒன்றுமே நிரப்பாமல் விட்டால் முகவரியின் முன்பாதி, அதாவது `info` என்ற மாதிரி ஏதாவது வந்து நிற்கும். அதைப் போட்டியிலேயே சேர்க்க வேண்டாம். மிச்சம் இருப்பது நாலு:

> வாணி
> அலைவாசல்
> வாணி - அலைவாசல்
> அலைவாசல் - உப்புவெளி

வாணியக்காவுக்கு முதலாவதில்தான் விருப்பம். “தம்பி, வந்து போன ஆக்களுக்கு என்ர பேர்தான் தெரியும், விடுதிப் பேர் ஆருக்கு ஞாபகம்?” என்றார். அதில் பாதி உண்மை. அவருடைய கையால் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுப் போனவர்களுக்கு அவரை மறக்காது. ஆனால் இன்பாக்ஸில் ‘வாணி’ என்று மட்டும் பார்க்கிறவருக்கு அந்தப் பெயரில் ஏற்கெனவே இரண்டு மூன்று பேரைத் தெரிந்திருக்கும். ஒரு கணம் ‘எந்த வாணி?’ என்று யோசிப்பார். கீழே பார்த்தால் ‘நான்கு அறை இருக்கிறது’ என்று நிற்கும். தெரிந்த ஆளின் கடிதம் என்று நினைத்தவருக்கு அது விளம்பரம் என்று தெரிகிற இடம் அது. அடுத்த மடலை ஸ்பாமில் தள்ளுவதற்கு அதுவே போதும். தனிப் பெயர் தனிக் கடிதத்துக்குத்தான் பொருந்தும்: ஒருவர் கேட்டதற்குப் பதில், முன்பணம் வந்ததா என்ற விசாரிப்பு, இப்படி.

‘அலைவாசல்’ என்று மட்டும் போட்டால் ஏமாற்று இல்லை, ஆனால் நினைவு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் இரண்டு இரவு தங்கியவருக்கு விடுதியின் பெயர் மறந்திருக்கும், உப்புவெளி மறந்திருக்காது. அதனால்தான் நாலாவதைப் பட்டியலில் வைத்தேன். ‘அலைவாசல் - உப்புவெளி’ என்று வந்தால் ஊரும் மனதில் வந்துவிடும், சப்ஜெக்டில் ஊர்ப் பெயரைத் திணிக்கவும் தேவையில்லை. ‘மே மாதத்துக்கு நான்கு அறை’ என்ற சின்ன வரி தாங்கி நிற்பது மேலே ஊர் இருப்பதால்தான். வெறும் ‘வாணி’ மேலே இருந்தால் அதே சப்ஜெக்டுக்குள் விடுதி, உப்புவெளி, திருமலை எல்லாம் வர வேண்டும். அப்போது அறை எத்தனை என்கிற விஷயமே போன் திரைக்கு வெளியே போய்விடும்.

‘வாணி - அலைவாசல்’ நடுவழி. ஆளைத் தெரிந்தவருக்கு ஆள், மற்றவருக்கு விடுதி. சமையலும் பேச்சுமாக மூன்று நாலு நாள் தங்கிப் போனவர்களுக்கு நான் இதைத்தான் போடுவேன். கூட்டமாக வந்து ஒரு இரவு தங்கிவிட்டு நிலாவெளிக்குப் போனவர்களுக்கு நாலாவது. பட்டியலை இரண்டாகப் பிரிக்க முடியாவிட்டால் நாலாவதையே எல்லோருக்கும் வைக்கலாம், நட்டம் குறைவு. ஆனால் எதை எடுத்தாலும் அதை அடிக்கடி மாற்றக் கூடாது. சப்ஜெக்ட் ஒவ்வொரு மடலுக்கும் மாறலாம். பெயரை ஆட்கள் கண்ணால் பழகுவதற்கே நாலைந்து மடல் வேண்டும், மாற்றினால் அந்தப் பழக்கம் முதலிலிருந்து.

நீளமும் உண்டு. ‘அலைவாசல் கடற்கரை விருந்தினர் இல்லம், திருகோணமலை’ என்று பெயர்ப்பலகையில் இருப்பதை அப்படியே போட்டால் ‘அலைவாசல் கடற்கரை வி…’ என்று வெட்டுப்படும். கம்ப்யூட்டரில் ஜிமெயில் பெயருக்குக் கொடுக்கிற இடம் ஆங்கிலத்தில் இருபது எழுத்துச் சொச்சம்தான். தமிழ் எழுத்து அகலம் கூட என்பதால் நமக்கு அதிலும் குறைவு. மடல் அனுப்பும் சேவைகள் காட்டுகிற எழுத்துக் கணக்கை நம்ப வேண்டாம். கொம்பையும் காலையும் அவை தனித்தனியாக எண்ணும். நாம் ஆறு எழுத்து என்கிற ‘திருகோணமலை’ அங்கே பத்து. போனில் பார்ப்பதுதான் கணக்கு. அப்புறம் பெயருக்கு நடுவே காற்புள்ளி போடாமல் சிறு கோடு போட்டதற்கும் காரணம் இருக்கிறது: சொந்தமாக ஸ்கிரிப்ட் எழுதி அனுப்புகிறவர்கள் மேற்கோள் குறி போட மறந்தால், காற்புள்ளி அந்தப் பெயரை இரண்டு முகவரியாகப் பிரித்துவிடும்.

இனிக் கீழ் வரி. பெயரில் தப்பாக எடுத்தாலும் ஓரளவு சமாளிக்கலாம். இங்கேதான் பெரும்பாலான மடல்கள் கெட்டுப்போகின்றன, ஏனென்றால் இதை யாரும் எழுதுவதே இல்லை. எழுதாவிட்டால் மடலில் முதலாவதாகக் கிடைக்கிற எழுத்து எதுவோ அதை ஆப் எடுத்துக் காட்டும். இப்படி:

> அலைவாசல் - உப்புவெளி
> மே மாதத்துக்கு நான்கு அறை இருக்கிறது
> மடல் சரியாகத் தெரியவில்லையா? இங்கே அழுத்தவும்

அறை இருக்கிறது என்று சொன்ன கையோடு கோளாறு இருக்கிறது என்றும் சொல்கிறது. லோகோ படத்துக்கு மாற்று எழுத்தாக யாரோ கொடுத்த `logo_final2` வந்து நின்றதையும் பார்த்திருக்கிறேன். எழுதுகிறவர்கள் செய்கிற அடுத்த காரியம், சப்ஜெக்டையே திருப்பிச் சொல்வது: ‘மே மாதம் தங்குவதற்கு எங்களிடம் நான்கு அறைகள் உள்ளன’. கெடுதல் இல்லை, இடம் வீண். மூன்றாவது வகை ‘உங்களுக்கு ஓர் ஆச்சரியம் உள்ளே!’ என்கிற தூண்டில். நம்பிக்கையான சப்ஜெக்டுக்குக் கீழே இதைப் போட்டால் சப்ஜெக்டும் சேர்ந்து பொய் போலத் தெரியும்.

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்:

> கடல் பார்த்த அறை இரண்டு, தோட்டப் பக்கம் இரண்டு. இருவருக்குக் காலைச் சாப்பாட்டோடு 14,000 ரூபாய்.

> வாடை முடிந்து கடல் அடங்கியிருக்கிறது. புறாத்தீவுக்குப் படகு ஓடுகிறது.

இரண்டுமே சப்ஜெக்டைப் படித்ததும் எழுகிற முதல் கேள்விக்குப் பதில். கேள்விதான் ஆளுக்கு ஆள் வேறு. கொழும்பிலிருந்து வருகிறவருக்கு மே என்றால் மழை. தென்மேற்குப் பருவக்காற்று அங்கே அப்போதுதான் தொடங்கும். நம் பக்கம் மழை வாடையோடு வருவது, அக்டோபர் தொடங்கி ஜனவரி வரை. மே மாதம் இங்கே வெயிலும் அமைதியான கடலும் என்பது திருமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, கொழும்புக்காரருக்குச் சொல்ல வேண்டும். அவருக்கு இரண்டாவது வரி. வருடா வருடம் வெசாக் விடுமுறைக்கு வருகிறவருக்குக் கடல் தெரியும், அவர் கேட்பது விலையும் எந்தப் பக்க அறை என்பதும். அவருக்கு முதலாவது. ஒன்றுதான் அனுப்ப முடியும் என்றால் கடல் வரியை எடுப்பேன். விலையை உள்ளே படித்துக்கொள்வார். மே மாதம் மழை என்று நினைக்கிறவர் உள்ளேயே வர மாட்டார்.

இந்த வரிக்குக் கிடைக்கிற இடம் நிலையில்லாதது. ஐபோனின் மெயில் ஆப்பில் மாற்றாமல் விட்டால் இரண்டு வரி தெரியும், ஆண்ட்ராய்ட் ஜிமெயிலில் ஒன்று. கம்ப்யூட்டரில் ஜிமெயில் சப்ஜெக்டையும் இதையும் ஒரே வரியில் போடுவதால், சப்ஜெக்ட் நீண்டால் இது சுருங்கும், சில நேரம் காணாமலே போகும். எனவே முக்கியமான சொல் முன்னால் வர வேண்டும். ‘வாடை முடிந்து கடல் அடங்கியிருக்கிறது’ வரை வெட்டுப்பட்டாலும் பொருள் நிற்கிறது. திகதி, கடைசி நாள் போன்றவற்றை இங்கே மட்டும் எழுதிவிட்டு இருக்கவும் கூடாது.

அதே நேரம் வரி குறுகியிருந்தால் ஐபோனில் மிச்ச இடத்தில் மடலின் அடுத்த எழுத்துகள் ஒட்டிக்கொண்டு வரும்: ‘…படகு ஓடுகிறது. முகப்பு அறைகள் தொடர்பு வணக்கம்’. சேவைகளில் முன்னோட்ட வரிக்கென்று ஒரு பெட்டி இருக்கும், அதில் எழுதினால் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். கையால் எச்.டி.எம்.எல் எழுதுகிறவர்கள் மடலின் உச்சியில் ஒரு மறைந்த வரியைப் போட்டு, பின்னால் கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளை அடைப்பார்கள்:

```html
<div style="display:none;max-height:0;overflow:hidden;mso-hide:all">
வாடை முடிந்து கடல் அடங்கியிருக்கிறது. புறாத்தீவுக்குப் படகு ஓடுகிறது.
&#847;&zwnj;&nbsp;&#847;&zwnj;&nbsp;&#847;&zwnj;&nbsp;
</div>
```

கடைசிக்கு முந்தைய வரியிலுள்ள தொடரை முப்பது நாற்பது முறை திருப்பிப் போட வேண்டியிருக்கும்.

எது வென்றது என்று எப்படித் தெரிந்துகொள்வது? முந்நூறு பேரை இரண்டாகப் பிரித்து, திறந்தவர்களை எண்ணுவதில் அர்த்தமில்லை. 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, அதை இயக்கி வைத்திருப்பவர்களின் மடல்களில் உள்ள படங்களை ஆள் பார்க்காமலே இறக்கிவிடுகிறது. திறக்காத மடலும் திறந்ததாகவே கணக்கில் ஏறும். பதில் எழுதியவர்களையும் வாட்ஸ்அப்பில் கேட்டவர்களையும் எண்ணலாம். ஆனால் ஒரு பக்கம் ஐந்து, மறுபக்கம் எட்டு என்று வந்தால் அதைத் தற்செயல் என்றே எடுக்க வேண்டும். அதைவிட, அனுப்புவதற்கு முன் ஓர் ஆண்ட்ராய்டுக்கும் ஓர் ஐபோனுக்கும் அனுப்பி, இன்பாக்ஸைத் திறந்து, சப்ஜெக்டை விரலால் மறைத்துக்கொண்டு பார்ப்பது பயன்படும். மேல் வரியும் கீழ் வரியும் மட்டும் படித்து யார், எதைப் பற்றி என்று சொல்ல முடிந்தால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு சில போன்களில் நாம் போட்ட பெயரே வராது. விடுதியின் முகவரியை ஒருவர் ‘திருமலை ரூம் அக்கா’ என்று சேமித்து வைத்திருந்தால், ஆப்பிள் மெயில் போன்றவை அந்தப் பெயரைத்தான் காட்டும். அது நாம் யோசித்த நாலையும்விட நல்ல பெயர், அவரே வைத்தது. மடல் சேவையை மாற்றும்போது அனுப்பும் முகவரியையும் சேர்த்து மாற்றினால் அது போய்விடும்.