திங்கட்கிழமைப் பட்டியல்: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

சப்ளையர்களுக்குத் தர வேண்டிய பணத்தை ஒரே ஷீட்டில் போட்டு, ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அதைப் பார்த்துப் பணம் அனுப்பும் பழக்கம் எங்கள் சின்ன நிறுவனத்தில் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. தனியாக மென்பொருள் எதுவும் வாங்கவில்லை, சாதாரண விரிதாள்தான். இந்த இரண்டு வருடத்தில் அது எங்கே உதவியது, எங்கே காலை வாரியது என்பதை எழுதுகிறேன்.

முதல் ஆறு மாதம் பட்டியலைத் தவறாகத்தான் வைத்திருந்தோம். பில்களைக் கெடு தேதிப்படி அடுக்கியிருந்தோம். எங்களுக்கு வரும் பில்களில் பாதிக்கு மேல் ‘2/10 நெட் 30’ வகை. பத்து நாளுக்குள் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி, இல்லையென்றால் முப்பது நாளுக்குள் முழுத் தொகை. கெடு தேதிப்படி அடுக்கினால் இந்த பில் பட்டியலின் அடியில் கிடக்கும். அது மேலே ஏறி வரும்போது தள்ளுபடி நாள் போய் இரண்டு வாரம் ஆகியிருக்கும்.

2 சதவீதம்தானே என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் 100-க்கு ஒரு பில் என்றால், அது 98-ஐ இன்னும் 20 நாள் கையில் வைத்துக்கொள்வதற்கு நாம் கொடுக்கும் விலை. வருடக் கணக்காக்கினால் ஏறக்குறைய 37 சதவீதம். அந்த வட்டிக்கு யாரிடமும் கடன் வாங்க மாட்டோம். தெரியாமல் வாங்கிக்கொண்டிருந்தோம்.

அதற்கப்புறம் ‘கடைசித் திங்கள்’ என்று ஒரு பத்தியைச் சேர்த்தோம். தள்ளுபடியைத் தவறவிடாமல் பணம் அனுப்பக்கூடிய கடைசித் திங்கட்கிழமை எது என்று அது காட்டும். பணம் சப்ளையர் கணக்கில் போய்ச் சேர இரண்டு நாள் என்று வைத்திருக்கிறோம். தள்ளுபடியின் கடைசித் தேதி E பத்தியில் இருந்தால்:

```
=(E2-2)-WEEKDAY(E2-2,3)
```

தள்ளுபடி இல்லாத பில்லுக்கு அதே சூத்திரத்தில் கெடு தேதியைக் கொடுத்துவிடுவோம். பட்டியல் இப்போது இந்தப் பத்தியின்படிதான் அடுக்கப்படுகிறது. இன்றைய தேதி இருக்கும் வரிகள் மட்டும்தான் இன்றைக்கு முடிவெடுக்க வேண்டியவை, மற்றவை காத்திருக்கலாம்.

ஒரு திங்கட்கிழமையை அப்படியே சொல்கிறேன். சம்பளத்துக்கும் அவசரத்துக்கும் ஒதுக்கியது போக கையில் 1,20,000 இருந்தது. அன்று மூன்று பில்கள். ஒன்று 60,000, தள்ளுபடி கிடையாது, கெடு வெள்ளிக்கிழமை. இரண்டாவது 1,00,000, 2/10 நெட் 30, தள்ளுபடி வியாழன் வரை. மூன்றாவது 1,50,000, 2/10 நெட் 60, தள்ளுபடி சனிக்கிழமை வரை.

60,000-ஐக் கட்டித்தான் ஆக வேண்டும். மீதி 60,000. இரண்டாவது பில்லுக்கு 98,000 வேண்டும், 38,000 குறைகிறது. ஓவர்டிராஃப்டில் வருட வட்டி 14 சதவீதம். வசூல் எதுவும் வராது என்று வைத்துக்கொண்டாலும் கெடு தேதி வரையான 23 நாளுக்கு வட்டி 335 அளவில்தான் வரும். மிச்சமாவது 2,000. யோசிக்காமல் கட்டினோம்.

மூன்றாவதில்தான் கொஞ்சம் தடுமாறினேன். 3,000 மிச்சமாகும் என்பது பெரிதாகத் தெரிந்தது. முழுவதும் கடன் எடுக்க வேண்டும். 1,47,000-க்கு 50 நாள் வட்டி 2,819, ஆக 181 லாபம் என்று முதலில் கணக்குப் போட்டேன். ஆனால் நாங்கள் சனிக்கிழமை கட்டப்போவதில்லை, திங்கட்கிழமையே கட்டுகிறோம். அப்படியானால் 55 நாள், வட்டி 3,101. தள்ளுபடியை எடுத்தால் நஷ்டம்! அந்த பில்லைத் தள்ளி வைத்தோம். வாரம் ஒருமுறை கட்டுபவர்கள் நாள் கணக்கைத் தள்ளுபடித் தேதியிலிருந்து எண்ணக் கூடாது, பணம் வெளியே போகும் நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

சரி, பட்டியல் சரியாக இருந்தும் சில தள்ளுபடிகள் போய்க்கொண்டே இருந்தன. அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் கணக்கைப் பார்க்கும் பெண். “சார், சனிக்கிழமை தேதி போட்ட பில் மட்டும்தான் அடிக்கடி போகுது, கவனிச்சீங்களா?” என்றார். எண்ணிப் பார்த்தோம். சனிக்கிழமை தேதியிட்ட பில்லின் பத்தாவது நாள் செவ்வாய். அதில் இரண்டு நாள் கழித்தால் ஞாயிறு. அதற்கு முந்தைய திங்கள் என்பது பில் போட்ட மூன்றாம் நாளே வந்துவிடுகிறது. அதாவது இரண்டே நாள் இடைவெளி. அதற்குள் சரக்கு வந்து, எண்ணி, சரிபார்த்து, பில்லைப் பதிவு செய்ய முடிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தேதி என்றால் எட்டு நாள் கிடைக்கும். ஒரே நாள் வித்தியாசத்தில் ஒரு திங்கட்கிழமை கை நழுவுகிறது. வெள்ளிக்கிழமை பில்லுக்கும் மூன்று நாள்தான்.

இதற்கு இரண்டு காரியம் செய்தோம். அடிக்கடி வாங்கும் சப்ளையர்களிடம் பேசி, பத்து நாளைச் சரக்கு வந்து சேர்ந்த தேதியிலிருந்து எண்ணக் கேட்டோம். சிலர் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களின் வெள்ளி, சனி பில்களுக்கு மட்டும் வியாழக்கிழமை கால் மணி நேரம் ஒதுக்குகிறோம்.

இன்னொரு தவறு எங்களுடையதே. தள்ளுபடியை பில்லின் மொத்தத் தொகைக்குக் கணக்கிட்டு 2,000 கழித்து அனுப்பினோம். அந்த சப்ளையரின் நிபந்தனைப்படி வரிக்கும் வண்டிக் கூலிக்கும் தள்ளுபடி இல்லை. சரக்கின் மதிப்பு 82,000 மட்டும், அதனால் கழிக்க வேண்டியது 1,640. மிச்சம் 360 எங்கள் பெயரில் நிலுவையாக நின்று, அடுத்த சரக்கை அவர்கள் நிறுத்தி வைத்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. இப்போது ‘பில் தொகை’, ‘தள்ளுபடிக்குரிய தொகை’ என்று இரண்டு பத்திகள். இரண்டாவதை பில்லைப் பதிவு செய்யும்போதே நிரப்ப வேண்டும். திங்கட்கிழமை அவசரத்தில் நிரப்பினால் தப்பு வரும்.

இந்த ஷீட்டில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசியாகச் சேர்த்த பத்திதான்: ‘போன தள்ளுபடி’. தவறவிட்ட தொகையையும் காரணத்தையும் ஒரு வார்த்தையில் எழுதுகிறோம். பணமில்லை, சரக்கில் குறை, பதிவு தாமதம், வேண்டாம் என்று விட்டது. பணமில்லாததுதான் எங்கள் சிக்கல் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். ஆறு மாத வரிகளைப் பார்த்தபோது பெரும்பாலானவை பதிவு தாமதம். பில்கள் குடோன் மேசையிலேயே கிடந்திருக்கின்றன. இப்போது சரக்கு இறங்கும்போதே பில்லைப் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சரிபார்ப்பு முடியாவிட்டாலும் தேதிகள் மட்டும் பட்டியலில் ஏறிவிடும்.

பட்டியலால் முடியாதது ஒன்று உண்டு. இன்னும் வராத பில் அதற்குத் தெரியாது. ஒரு திங்கட்கிழமை எல்லாத் தள்ளுபடியையும் எடுத்துவிட்டு, புதன்கிழமை முன்பணம் கேட்டு வந்த ஆர்டருக்குக் கையில் காசில்லாமல் நின்றிருக்கிறோம். அதனால் கொடுத்துவிட்ட கொள்முதல் ஆர்டர்களை, பில் வரும் முன்பே, சாம்பல் நிற வரிகளாகக் கீழே சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். தேதி உத்தேசம்தான். மூன்று மாதமாக ஓடுகிறது, இதுவரை இரண்டு முறை முன்கூட்டியே எச்சரித்திருக்கிறது.